கோட்டின் கீழ்முனை

காப்புரிமை முடிந்த ஒரு மருந்தை வேறொரு நிறுவனம் தயாரித்து விற்க விரும்பினால், தன் மாத்திரையும் அசல் மாத்திரையும் உடலுக்குள் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று காட்ட வேண்டும். இதற்காகத் தன்னார்வலர்கள் சிலருக்கு மாத்திரையைக் கொடுத்து, குறித்த நேர இடைவெளிகளில் அவர்களின் ரத்தத்தை எடுக்கிறார்கள். பல மருந்துகள் விழுங்கிய ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அப்போது ஒரு மில்லி லிட்டர் பிளாஸ்மாவில் பல நூறு நானோகிராம் மருந்து இருக்கலாம். மறுநாள் எடுக்கும் ரத்தத்தில் அது ஓரிரு நானோகிராமாக இறங்கியிருக்கும். மருந்து உடலை விட்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதை அந்தக் கடைசி மாதிரிகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அளக்கும் கருவி 1,000-த்தில் சரியாக இருந்தால் மட்டும் போதாது, 1-லும் சரியாக இருந்தாக வேண்டும்.

ஆனால் கருவி நானோகிராம் கணக்கில் பேசுவதில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தருவது வெறும் சிக்னல். இவ்வளவு சிக்னல் என்றால் இவ்வளவு மருந்து என்று அதற்கு ஒவ்வொரு முறையும் கற்றுக்கொடுக்க வேண்டும். மருந்தே இல்லாத பிளாஸ்மாவை எடுத்து, அதில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, குறைந்தது ஆறு செறிவுகளில் மாதிரிகளைத் தயாரிப்பார்கள். ஆய்வகத்தில் இவற்றை ஸ்டாண்டர்ட் என்பார்கள். இவற்றின் சிக்னலை அளந்து, செறிவுக்கு எதிராகப் புள்ளி வைத்து, புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு இழுப்பார்கள். இது கேலிப்ரேஷன் கோடு. பிறகு தன்னார்வலரின் ரத்தம் தரும் சிக்னலை இந்தக் கோட்டில் வைத்துப் பின்னோக்கிப் படித்தால் செறிவு கிடைத்துவிடும்.

அந்தக் கோட்டை எப்படி இழுப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு சிறு கணக்கை அமைத்துப் பார்க்கலாம். கருவியின் உண்மையான நடத்தை இதுதான் என்று வைத்துக்கொள்வோம்: செறிவைப் 10-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் சிக்னல். ஸ்டாண்டர்டுகளின் செறிவு 1, 5, 20, 100, 500, 1,000 நானோகிராம். பிழையே இல்லாவிட்டால் சிக்னல்கள் 12, 52, 202, 1,002, 5,002, 10,002 என்று வர வேண்டும். நடைமுறையில் அப்படி வராது. பிப்பெட்டில் எடுக்கும் அளவு சற்றே மாறும், பிளாஸ்மாவிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் தவறிப்போகும். ஆகவே நம் அளவீடுகள் 12.3, 50.5, 208, 985, 5,180, 9,640 என்று வருகின்றன. ஒவ்வொன்றும் உண்மையிலிருந்து 4 சதவீதத்துக்குள்தான் விலகியிருக்கிறது. நல்ல ஆய்வகத்தின் நல்ல வேலை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இந்த ஆறு புள்ளிகளுக்கும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் மீச்சிறு வர்க்க முறையில் ஒரு கோடு இழுப்போம். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதுவே சிறந்த கோடு. வால்மீன்களின் பாதையைக் கணக்கிடும் நூலில் 1805-இல் லெஜாந்தர் வெளியிட்ட முறை இது. 1809-இல் காஸ் இதற்கு நிகழ்தகவு அடிப்படையை அமைத்தார். நம் எண்களுக்கு இந்த முறை தரும் விடை: சிக்னல் = 42.5 + 9.73 × செறிவு.

பொருத்தம் எப்படி என்று கேட்டால் ஆர்-வர்க்கம் 0.9988. ஒன்றுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்த எண்ணைப் பார்த்தவுடன் பலரும் திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதே கோட்டில் முதல் ஸ்டாண்டர்டைப் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள். சிக்னல் 12.3. அதிலிருந்து 42.5-ஐக் கழித்து 9.73-ஆல் வகுத்தால் வருவது மைனஸ் 3.1 நானோகிராம். 1 நானோகிராம் மருந்தைக் கையால் கலந்து வைத்த குப்பியில், பூஜ்யத்துக்கும் கீழே மருந்து இருப்பதாகக் கோடு சொல்கிறது. 5 நானோகிராம் ஸ்டாண்டர்ட் 0.82 என்று வருகிறது. 20 என்பது 17 ஆகிறது. அளவீடுகளில் 4 சதவீதத்துக்கு மேல் பிழையே இல்லாதபோது, விடையில் 400 சதவீதத்தைத் தாண்டிய பிழை எங்கிருந்து வந்தது?

கோட்டிலிருந்து புள்ளிகள் விலகி நிற்கும் தூரத்தை, அதாவது எச்சத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணம் தெரியும். 500 நானோகிராம் புள்ளி கோட்டுக்கு மேலே சுமார் 273 அலகு தள்ளி நிற்கிறது. 1,000 நானோகிராம் புள்ளி கீழே 132 அலகு. மற்ற நான்கின் எச்சங்களும் 29-க்கும் 41-க்கும் இடைப்பட்டவை. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால், மொத்தத்தில் 95 சதவீதம் மேலே உள்ள இரண்டு புள்ளிகளிலிருந்தே வருகிறது. தொகையைக் குறைப்பதுதான் முறையின் ஒரே குறிக்கோள் என்பதால், அது அந்த இரண்டு புள்ளிகளைச் சமாதானப்படுத்தவே கோட்டைச் சாய்க்கிறது. அப்படிச் சாய்த்ததில் கீழ்முனை 40 அலகு மேலே தூக்கிக்கொள்கிறது. 10,000 அலகு சிக்னலுக்கு 40 என்பது ஒன்றுமே இல்லை. 12 அலகு சிக்னலுக்கோ அது மூன்று மடங்குக்கும் மேல்.

கணக்கில் எந்தத் தவறும் இல்லை. சாதாரண மீச்சிறு வர்க்க முறையை ஒருதலைப்பட்சமானது என்றும் குறை சொல்ல முடியாது. இதே பரிசோதனையை ஆயிரம் முறை செய்து ஆயிரம் கோடுகளின் சராசரியை எடுத்தால், அது உண்மையான கோட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். கீழ்முனை சில நாள் மேலே எகிறும், சில நாள் கீழே இறங்கும், சராசரியில் சரியாகிவிடும். ஆனால் ஆய்வகத்தில் இருப்பது இன்றைய ஒரு கோடுதான். இன்றைய தன்னார்வலர்களின் ரத்தத்தை இன்றைய கோட்டில்தான் படிக்க வேண்டும்.

முறை ஒரு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. எல்லாப் புள்ளிகளிலும் பிழையின் பரவல் ஒரே அளவு என்று அது கருதுகிறது. நகைக்கடைத் தராசில் நிறுத்ததும் லாரியோடு எடைமேடையில் நிறுத்ததும் ஒரே நம்பகத்தோடு வந்தவை என்று எண்ணி, இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுப்பது போன்றது இது. எடைமேடையில் பத்து கிலோ முன்பின் ஆவது இயல்பு. நகைத்தராசில் ஒரு கிராம் பிசகினாலே சண்டை வந்துவிடும்.

பிழையின் பரவல் இப்படி மாறுவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கோட்டின்படி ஒவ்வொரு புள்ளிக்கும் வர வேண்டிய மதிப்பைப் பொருத்திய மதிப்பு என்கிறார்கள். அதைக் கிடைமட்டத்திலும் எச்சத்தைச் செங்குத்திலும் வைத்துப் படம் வரைய வேண்டும். பரவல் ஒரே அளவாக இருந்தால், பூஜ்யத்தின் இருபுறமும் புள்ளிகள் ஒரே அகலமுள்ள பட்டையாகச் சிதறியிருக்கும். பொருத்திய மதிப்போடு பரவலும் வளர்ந்தால், இடப்பக்கம் ஒடுங்கி வலப்பக்கம் விரியும் புனல் வடிவம் தெரியும். ஆறு புள்ளிகளில் புனல் தெளிவாகத் தெரியாது. பல நாள் கோடுகளின் எச்சங்களை ஒரே படத்தில் சேர்த்தால் தெரியும்.

புனல் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது, அது எவ்வளவு வேகத்தில் விரிகிறது என்றும் அறிய வேண்டும். இதற்கு ஒவ்வொரு செறிவிலும் ஒரே மாதிரியைப் பலமுறை தயாரித்து அளந்து, அந்த அளவீடுகளின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிடுகிறார்கள். இரண்டின் லாகரிதத்தையும் எடுத்து ஒன்றுக்கெதிராக மற்றதை வரைந்தால் ஏறக்குறைய ஒரு நேர்கோடு வரும். அதன் சரிவுதான் பதில். சரிவு பூஜ்யம் என்றால் பரவல் மாறவில்லை, சாதாரண முறையே போதும். சரிவு அரை என்றால் திட்டவிலக்கம் சிக்னலின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. சரிவு ஒன்று என்றால் திட்டவிலக்கம் சிக்னலோடு நேர்விகிதத்தில் வளர்கிறது, அதாவது பிழை எங்கும் ஒரே சதவீதம்.

இந்த எண்களுக்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது. கருவி உண்மையில் செய்வது அயனிகளை எண்ணும் வேலை. எதையும் எண்ணும்போது எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தை ஒட்டியே இருக்கும், 100 எண்ணினால் 10 அளவுக்கும், 10,000 எண்ணினால் 100 அளவுக்கும். அரை என்ற சரிவு அங்கிருந்து வருகிறது. பிப்பெட் 3 சதவீதம் குறைவாக எடுத்தால் அந்த 3 சதவீதம் சின்ன மாதிரிக்கும் பெரிய மாதிரிக்கும் பொது. பிளாஸ்மாவில் உள்ள மற்ற பொருள்கள் மருந்தின் அயனிகளை அமுக்குவதும் பெரும்பாலும் விகிதக் கணக்குதான். ஒன்று என்ற சரிவு இவற்றால் வருகிறது. அகன்ற செறிவு வீச்சில் வேலை செய்யும் மருந்து ஆய்வகங்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைப் பிழைதான் மேலோங்கி நிற்கும்.

தீர்வு காஸ் காலத்திலேயே தெரிந்த ஒன்று. துல்லியம் குறைந்த அளவீட்டுக்குக் குறைந்த எடை, துல்லியம் கூடிய அளவீட்டுக்குக் கூடிய எடை. ஒவ்வொரு எச்சத்தையும் வர்க்கப்படுத்திய பிறகு, கூட்டுவதற்கு முன் அதன் எடையால் பெருக்க வேண்டும். எடை என்பது பரவலின் வர்க்கத்துக்குத் தலைகீழ். பிழை எங்கும் ஒரே சதவீதம் என்றால், எடை = 1 ÷ (பொருத்திய மதிப்பின் வர்க்கம்). நம் கணக்கில் 1 நானோகிராம் புள்ளியின் சிக்னல் 12, ஆயிரத்தின் சிக்னல் 10,002. பரவல் 830 மடங்கு வேறுபடுகிறது, ஆகவே எடை சுமார் 7 லட்சம் மடங்கு வேறுபடும். எண்ணைக் கேட்டால் திடுக்கிடும். ஆனால் இதன் பொருள் எளிது: முறை இப்போது அலகுகளில் அளந்த விலகலை விட்டுவிட்டு, சதவீதத்தில் அளந்த விலகலைக் குறைக்க முயல்கிறது.

கேலிப்ரேஷனில் செறிவு நமக்கு முன்கூட்டியே தெரியும், சிக்னலும் ஏறக்குறைய செறிவுக்கு நேர்விகிதம். ஆகவே பொருத்திய மதிப்புக்குப் பதிலாகச் செறிவையே எடைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். ஆய்வக மென்பொருள்களின் பட்டியலில் 1/x, 1/x² என்று இருப்பவை இவைதான். 1/x² எடையை யார் வேண்டுமானாலும் எக்செல் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு சிக்னலையும் அதன் செறிவால் வகுத்து ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில் 1-ஐச் செறிவால் வகுத்து எழுதுங்கள். இந்த இரண்டு பத்திகளுக்கும் வழக்கமான `SLOPE`, `INTERCEPT` கட்டளைகளைக் கொடுத்தால் போதும். வகுத்ததால் இரண்டும் இடம் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். `SLOPE` தருவது நம் கோட்டின் வெட்டுத்துண்டு, `INTERCEPT` தருவது நம் கோட்டின் சரிவு.

நம் எண்களுக்கு வரும் விடை: சிக்னல் = 2.29 + 9.96 × செறிவு. உண்மை 2 + 10 × செறிவு என்பதை நினைத்துப் பார்த்தால், அதே ஆறு அளவீடுகளிலிருந்து எவ்வளவு நெருக்கமாக வந்துவிட்டோம் என்பது புரியும். பின்னோக்கிப் படித்த செறிவுகள் கீழே.

| கலந்த செறிவு | எடையில்லாக் கோடு | 1/x² எடைக் கோடு |
|---|---|---|
| 1 | −3.1 | 1.00 |
| 5 | 0.82 | 4.84 |
| 20 | 17.0 | 20.7 |
| 100 | 96.9 | 98.7 |
| 500 | 528 | 520 |
| 1,000 | 986 | 968 |

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஸ்டாண்டர்டுகளில் குறைந்தது 75 சதவீதம் கலந்த அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் வர வேண்டும். மிகக் குறைந்த செறிவுக்கு மட்டும் 20 சதவீதம் வரை சலுகை. ஆறில் 75 சதவீதம் என்றால் ஐந்தாவது தேற வேண்டும். எடையில்லாக் கோட்டில் முதல் இரண்டும் தவறிவிட்டன, மூன்றாவது மயிரிழையில் தப்பியது. நான்குதான் தேறியதால் அந்த நாளின் வேலை முழுவதும் தள்ளுபடி. எடையிட்ட கோட்டில் ஆறும் 4 சதவீதத்துக்குள் வந்து தேறிவிடுகின்றன. குப்பிகளும் கருவியும் பணியாளரும் மாறவில்லை, கூட்டலில் யாருக்கு எவ்வளவு எடை என்பது மட்டுமே மாறியது.

அட்டவணையின் கடைசி வரிசையையும் கவனிக்க வேண்டும். 1,000 நானோகிராம் ஸ்டாண்டர்ட் எடையில்லாக் கோட்டில் 986 என்று வந்தது, எடையிட்ட கோட்டில் 968. அங்கே பொருத்தம் சற்று மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. அந்த அளவீடே உண்மையைவிட 3.6 சதவீதம் குறைவாக வந்தது என்பதால் அதை 3 சதவீதம் குறைவாகக் காட்டுவதுதான் நியாயம். எடையில்லாக் கோடு அந்தப் பிழையை விழுங்கி மறைக்க முயன்றது. ஆர்-வர்க்கம் இந்த மறைத்தலுக்குப் பரிசு கொடுக்கிறது என்பதால், எந்த எடை நல்லது என்று முடிவு செய்ய அதைப் பார்ப்பதில் பயனில்லை. பின்னோக்கிப் படித்த சதவீதப் பிழைகளைக் குறி நீக்கிக் கூட்டிப் பார்ப்பதே ஆய்வகங்களின் வழக்கம். எடையில்லாமல் அந்தத் தொகை 500-ஐத் தாண்டுகிறது. 1/x எடைக்குச் சுமார் 18, 1/x²-க்குச் சுமார் 15. ஒரு நாள் கோட்டை வைத்து 18-க்கும் 15-க்கும் இடையே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பல நாள் கோடுகளின் தொகையைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது மேல் என்று தெரியும்.

கேலிப்ரேஷனில் செறிவு என்ற ஒற்றை அளவு கையில் இருந்ததால் எடையை அதிலிருந்தே எடுத்துக்கொண்டோம். எல்லா இடத்திலும் இந்த வசதி கிடைக்காது. வீட்டின் விலையைப் பரப்பு, வயது, இருக்கும் இடம் என்று பலவற்றை வைத்துக் கணிக்கும்போது, விலை கூடிய வீடுகளில் கணிப்பின் பிழையும் பெரிதாகவே இருக்கும். அங்கே பரவல் பரப்பை மட்டும் ஒட்டி வளர்வதில்லை, வயதை மட்டும் ஒட்டியும் வளர்வதில்லை. எல்லாம் சேர்ந்து தரும் கணித்த விலையை ஒட்டி வளர்கிறது. எனவே எடைக்குப் பொருத்திய மதிப்புதான் வேண்டும். ஆனால் பொருத்திய மதிப்பு கோட்டிலிருந்து வருவது, கோடு எடையிலிருந்து வருவது. எதை முதலில் கண்டுபிடிப்பது?

அளந்த மதிப்பையே எடைக்குப் பயன்படுத்திவிடலாமே என்று தோன்றும். சிலர் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். அதில் ஒரு மறைமுகச் சாய்வு இருக்கிறது. உண்மையான மதிப்பு 1,000 உள்ள ஒரு பொருளை இருமுறை அளந்து 800, 1,200 என்று வந்தால் சராசரி சரியாக 1,000. இப்போது அளந்த மதிப்பின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை கொடுத்துப் பார்ப்போம். தற்செயலாகக் குறைந்து வந்த 800-க்கு, தற்செயலாகக் கூடி வந்த 1,200-ஐவிட இரண்டேகால் மடங்கு எடை கிடைக்கும். எடையிட்ட சராசரி 923-க்கு இறங்கிவிடும். அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் போனாலும் இந்த முறை எப்போதும் குறைந்ததின் பக்கமே சேரும். இந்தப் பிழை ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது. பொருத்திய மதிப்பில் இந்தக் கோளாறு பெருமளவு நீங்கிவிடுகிறது, ஏனென்றால் ஒரே இடத்தில் அளந்த இரண்டு புள்ளிகளுக்கும் பொருத்திய மதிப்பு ஒன்றே, எடையும் ஒன்றே.

கோழியா முட்டையா என்ற சிக்கலைச் சுற்றுச்சுற்றாகச் செய்து தீர்க்கிறார்கள். முதலில் எடையில்லாமல் ஒரு கோடு. அந்தக் கோட்டின் பொருத்திய மதிப்புகளிலிருந்து எடைகள். அந்த எடைகளோடு மறுபடி ஒரு கோடு, அதிலிருந்து புது எடைகள். கோடு நகர்வது நிற்கும்வரை இப்படியே. நம் ஆறு புள்ளிகளுக்கு இதைச் செய்தால், 42.5-இல் தொடங்கிய வெட்டுத்துண்டு முதல் சுற்றிலேயே 2.08-க்கு வந்துவிடுகிறது. இரண்டாம் சுற்றில் 2.27. மூன்றாம் சுற்றிலும் 2.27-தான். சரிவு 9.96-இல் நிற்கிறது. தொடக்கக் கோடு கீழ்முனையில் அவ்வளவு மோசமாக இருந்தும், மூன்று சுற்றில் வேலை முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. தொடக்கக் கோடு ஏதாவது ஒரு புள்ளிக்குப் பூஜ்யத்தை ஒட்டிய பொருத்திய மதிப்பைத் தந்துவிட்டால், அதன் எடை மலைபோல் ஏறி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பொருத்திய மதிப்பு இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துத் தொடங்குவது நல்லது.

எடை கொடுப்பதால் புது ஆபத்து ஒன்றும் வருகிறது. முன்பு மேல்முனைப் புள்ளிகள் கோட்டை ஆட்டிவைத்தன, இப்போது அந்த அதிகாரம் கீழ்முனைக்குப் போய்விட்டது. நம் கணக்கில் 1 நானோகிராம் புள்ளி மட்டும் மொத்த எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் வைத்திருக்கிறது. அந்தக் குப்பியில் சிறு கலப்படம் நேர்ந்து சிக்னல் 12.3-க்குப் பதில் 14.3 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 1/x² எடையோடு மறுபடி கணக்கிட்டால் வெட்டுத்துண்டு 2.29-இலிருந்து 4.33-க்கு ஏறுகிறது. கலப்படத்தின் 2 அலகும் அப்படியே கோட்டுக்குள் இறங்கிவிட்டன. கெட்டுப்போன அந்த ஸ்டாண்டர்டைப் பின்னோக்கிப் படித்தால் வருவது 1.01. பிழையே இல்லாதது போலத் தேறிவிடுகிறது, ஏனென்றால் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதே அந்தப் புள்ளிதான். பழி அடுத்த புள்ளிக்குப் போகிறது. ஒழுங்காக இருந்த 5 நானோகிராம் ஸ்டாண்டர்ட் இப்போது 4.68 என்று காட்டுகிறது.

ஆகவே கோட்டை உருவாக்கிய புள்ளிகளைக் கொண்டே கோட்டைச் சோதிப்பது போதாது. தனியாகக் கலந்து வைத்த கட்டுப்பாட்டு மாதிரிகளை ஆய்வகங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் சேர்ப்பது இதற்காகத்தான். அவற்றில் ஒன்று மிகக் குறைந்த ஸ்டாண்டர்டின் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். நம் கணக்கில் 3 நானோகிராம் மாதிரி ஒன்று, பிழையே இல்லாமல் 32 அலகு சிக்னல் தந்தால், நல்ல கோட்டில் 2.98 என்றும் கெட்ட கோட்டில் 2.8 என்றும் வரும். ஒரு தொகுதியில் இந்தச் சரிவு கண்ணில் படாமல் போகலாம். குறைந்த செறிவு மாதிரிகள் நாள்தோறும் ஒரே திசையில் விலகினால் அடிமட்ட ஸ்டாண்டர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. பிழை எங்கும் ஒரே சதவீதம் என்பது பூஜ்யம் வரை உண்மையாக இருக்க முடியாது. மருந்தே இல்லாத பிளாஸ்மாவிலும் கருவி ஏதோ ஒரு இரைச்சலைத் தரும். சிக்னல் அந்த இரைச்சலின் அளவுக்கு இறங்கியதும் பரவல் சுருங்குவதை நிறுத்திக்கொள்ளும், புனலின் ஒடுங்கிய முனை ஒரு தடித்த குழாயாக மாறிவிடும். இந்த இரண்டையும் சேர்த்த ஒரு மாதிரியை ராக், லொரென்சாடோ இருவரும் 1995-இல் முன்வைத்தனர். அதன்படி, சின்னச் சிக்னலில் பரவல் மாறாத ஒரு பகுதியாகவும், பெரிய சிக்னலில் சிக்னலோடு வளரும் பகுதியாகவும் இருக்கும். மொத்தப் பரவலின் வர்க்கம் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. வெறும் 1/x² எடை இந்த அடித்தளத்தை மறந்துவிடுவதால், இரைச்சலை ஒட்டிய ஸ்டாண்டர்டுகளுக்குத் தகுதிக்கு மேல் எடை கொடுத்துவிடும். அளவிடும் வீச்சின் கீழ் எல்லையை இரைச்சலிலிருந்து போதுமான உயரத்தில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

எடையால் சரிசெய்யவே முடியாத கோளாறும் உண்டு. அதிகச் செறிவில் டிடெக்டர் நிறைந்துபோய் சிக்னல் மேலே வளராமல் வளையத் தொடங்கினால், அது பரவலின் கோளாறு அல்ல, கோட்டின் வடிவத்திலேயே உள்ள கோளாறு. எடை கொடுத்தால் மேல்முனைப் புள்ளிகளின் குரல் தாழ்ந்துவிடும் என்பதால் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். எடையிட்ட பிறகும் எச்சங்களைப் பார்க்க வேண்டும். இம்முறை ஒவ்வொரு எச்சத்தையும் அதன் பொருத்திய மதிப்பால் வகுத்துப் படம் வரைய வேண்டும். புனல் மறைந்து ஒரே அகலப் பட்டை தெரிந்தால் எடை சரி. புனல் எதிர்ப்பக்கம் திரும்பி, இடப்புறம் விரிந்து வலப்புறம் ஒடுங்கினால் எடை தேவைக்கு மேல் போய்விட்டது. பட்டை நடுவில் மேடாகவும் இரு ஓரங்களில் பள்ளமாகவும் வளைந்தால் நேர்கோடே தவறு.

எந்த எடை என்ற முடிவு, முறையைச் சரிபார்க்கும் கட்டத்திலேயே எடுக்கப்படுகிறது. 2022-இல் இறுதி செய்யப்பட்ட ஐ.சி.எச். எம்10 என்ற சர்வதேச வழிகாட்டுதலும், செறிவுக்கும் சிக்னலுக்கும் உள்ள உறவைப் போதுமான அளவு விளக்கும் மிக எளிய மாதிரியையே பயன்படுத்தச் சொல்கிறது. பல நாள் கோடுகளை வைத்து 1/x² என்று தீர்மானித்துவிட்டால், தன்னார்வலர்களின் ரத்தம் வந்த பிறகு அதுவே கடைசிவரை நிற்க வேண்டும். இன்றைய தொகுதி தேறவில்லை என்பதற்காக எடையை 1/x ஆக்கித் தேறவைப்பது அளவீடு ஆகாது. அப்படித் தவறும் தொகுதியின் காரணத்தைக் கண்டறிந்து, மாதிரிகளை மீண்டும் பிரித்தெடுத்து, புதிய ஸ்டாண்டர்டுகளோடு மறுபடி அளக்க வேண்டும்.